வெளிநாட்டிலிருந்து உள்நுழைய முடியவில்லை: நாடுவாரித் தடையும் அலுவலக ஐ.டி. பிரிவுக்கு எழுதும் மின்னஞ்சலும்

அலுவலக வேலையாக வெளிநாடு சென்ற ஒருவர் விடுதி அறையில் மடிக்கணினியைத் திறந்து, வழக்கம்போல வி.பி.என். இணைப்பைத் தொடங்குகிறார். ஒரு நிமிடம் காத்திருந்த பின் இணைப்பு தோல்வியுறுகிறது. எஸ்.எஸ்.எச். வழியாக நேரடியாகச் சர்வருக்குள் நுழைய முயன்றால் அங்கும் பதில் இல்லை. "வி.பி.என். வேலை செய்யவில்லை" என்று ஐ.டி. பிரிவுக்கு ஒரு வரி எழுதுகிறார். "சர்வர் நன்றாக இயங்குகிறது, உங்கள் பெயரில் தோல்வியுற்ற உள்நுழைவு எதுவும் பதிவாகவில்லை, கடவுச்சொல்லைச் சரிபார்க்கவும்" என்று மறுநாள் பதில் வருகிறது.

இருவர் சொல்வதும் உண்மைதான். சர்வர் இயங்குகிறது, கடவுச்சொல்லும் சரியாகவே இருக்கிறது. நாடுவாரித் தடை என்பது, வருபவர் யார் என்று கேட்பதற்கு முன்பே, எந்த நாட்டு முகவரியிலிருந்து வருகிறார் என்பதை மட்டும் பார்த்துக் கதவை மூடிவிடும் ஏற்பாடு. பயனர் பெயரே சர்வரைச் சென்று சேராததால், பயனர் பெயரை வைத்துத் தேடும் ஐ.டி. ஊழியருக்கு எதுவும் கிடைப்பதில்லை. எனவே பயணி எழுதும் மின்னஞ்சலில், தாம் யார் என்பதைவிட, எந்த முகவரியிலிருந்து, எந்த நேரத்தில், எந்தக் கதவைத் தட்டினார் என்பதே முதன்மையாக இருக்க வேண்டும். அதற்கான காரணத்தையும், அந்த விவரங்களைத் திரட்டும் முறையையும் இக்கட்டுரை படிப்படியாக விளக்குகிறது.

## தடை எந்த இடத்தில் நிகழ்கிறது

எஸ்.எஸ்.எச். என்பது தொலைவிலுள்ள கணினியில் கட்டளைகளை இயக்க உதவும் பாதுகாப்பான இணைப்பு முறை. வழக்கமாக அது டி.சி.பி. 22 என்ற போர்ட்டில் காத்திருக்கும். வி.பி.என். என்பது பயணியின் கணினிக்கும் அலுவலக வலையமைப்புக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்ட ஒரு குழாயை அமைப்பது. பல அலுவலகங்கள் பயன்படுத்தும் ஓபன்வி.பி.என். மென்பொருள் வழக்கமாக யு.டி.பி. 1194 போர்ட்டில் இயங்கும். போர்ட் என்பது ஒரு சேவைக்குரிய எண்ணிட்ட கதவு. டி.சி.பி.யும் யு.டி.பி.யும் தரவை அனுப்பும் இரு முறைகள். இவ்விரண்டுக்கும் முன்னால், அலுவலக வலையமைப்பின் வாசலில் ஃபயர்வால் நிற்கிறது. லினக்ஸ் அடிப்படையிலான ஃபயர்வாலில் நாடுவாரி விதி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
ip saddr != @allowed_v4 tcp dport 22 counter drop
ip saddr != @allowed_v4 udp dport 1194 counter drop
```

அனுமதிக்கப்பட்ட நாடுகளின் முகவரிப் பட்டியலில் அனுப்புநரின் முகவரி இல்லையென்றால், வந்த தரவுப் பொட்டலத்தைக் கைவிட்டுவிடு என்பதே இதன் பொருள். "கைவிடு" என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். மறுப்புச் செய்தி எதையும் ஃபயர்வால் திருப்பி அனுப்புவதில்லை. அதனால் பயணியின் கணினிக்கு, சர்வர் இல்லையா, வழியில் கோளாறா, தடையா என்று பிரித்தறிய வழியில்லை. பொட்டலம் எஸ்.எஸ்.எச். சேவையை அடையாததால் அந்தச் சேவையின் லாக் பதிவிலும் ஒரு வரிகூட எழுதப்படுவதில்லை. ஃபயர்வாலாவது பதிந்து வைக்குமா என்றால், உலகெங்குமிருந்து 22-ஆம் போர்ட்டைத் தானியங்கி நிரல்கள் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பதால், அந்தப் பதிவுகள் வட்டை நிரப்பிவிடும் என்று கருதிக் கைவிடும் விதிகளுக்குப் பதிவையே நிறுத்தி வைத்திருக்கும் அலுவலகங்கள் பல உண்டு.

இவ்விதிகள் வைக்கப்படுவதற்குக் காரணங்களும் பல. கடவுச்சொல்லை ஊகித்துத் தாக்கும் நிரல்களின் இரைச்சலைக் குறைப்பது ஒன்று. சில நாடுகளுக்குச் சேவை தரக்கூடாது என்ற பொருளாதாரத் தடைச் சட்டம் மற்றொன்று. வாடிக்கையாளரின் தரவை இன்ன நாட்டுக்கு வெளியே திறக்கக்கூடாது என்ற ஒப்பந்தம் மூன்றாவது. முதல் காரணத்துக்காக வைத்த விதியை ஐ.டி. பிரிவே தளர்த்திவிடலாம். மற்ற இரண்டுக்கும் மேலாளர், சட்டப் பிரிவு ஆகியோரின் ஒப்புதல் தேவைப்படும். தம் அலுவலகத்தின் விதி எந்த வகை என்பது பயணிக்குப் பெரும்பாலும் தெரியாது. ஆகவே மின்னஞ்சலில் "தடையை உடனே நீக்கவும்" என்று எழுதுவதைவிட, "இது நாடுவாரி விதியால் நேர்கிறதா என்று சரிபார்த்து, விதிவிலக்குக்கு யாருடைய ஒப்புதல் வேண்டும் என்று தெரிவிக்கவும்" என்று எழுதுவதே பொருத்தமானது.

## ஒரு முகவரிக்கு நாடு எப்படிக் கிடைக்கிறது

ஐ.பி. முகவரியின் எண்களுக்குள் நாடு எதுவும் பொறிக்கப்படவில்லை. உலகின் முகவரிகளை ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பங்கிட்டுத் தருகின்றன. ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஏப்னிக், ஐரோப்பாவுக்கும் மேற்காசியாவுக்கும் ரைப் என்.சி.சி., வட அமெரிக்காவுக்கு ஆரின், இலத்தீன் அமெரிக்காவுக்கு லாக்னிக், ஆப்பிரிக்காவுக்கு அஃப்ரினிக். எந்த முகவரித் தொகுதி எந்த நாட்டுக் குறியீட்டின்கீழ் தரப்பட்டது என்பதை இவை பட்டியலாக வெளியிடுகின்றன. ஆனால் அந்தக் குறியீடு முகவரியைப் பெற்ற நிறுவனத்தைக் குறிப்பதே தவிர, அந்த முகவரியைப் பயன்படுத்தும் கணினி நிற்கும் இடத்தைக் குறிப்பதில்லை. ஒரு நாட்டில் பதிவுசெய்த நிறுவனம் அதே தொகுதியை வேறு நாட்டில் பயன்படுத்தலாம், வேறொருவருக்கு விற்கவும் செய்யலாம்.

இந்த இடைவெளியை நிரப்பவே மேக்ஸ்மைண்ட் போன்ற நிறுவனங்கள் முகவரிக்கு நாடு சொல்லும் தரவுத்தளங்களைத் தொகுக்கின்றன. இணையச் சேவை நிறுவனங்களே தம் முகவரிகள் எந்த இடத்தில் பயன்படுகின்றன என்று அறிவிப்பதற்கு 2020-இல் ஒரு பொதுக் கோப்பு வடிவமும் வகுக்கப்பட்டது. இத்தனைக்குப் பிறகும் தரவுத்தளம் ஊகத்தின் மீதே நிற்கிறது. அலுவலக ஃபயர்வாலில் அது எப்போது கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது என்பதும் முக்கியம். ஓராண்டாகப் புதுப்பிக்காத கோப்பு, கைமாறிய முகவரிகளைப் பழைய நாட்டின் பெயரிலேயே காட்டும். அப்போது, அனுமதிக்கப்பட்ட நாட்டில் இருப்பவரும் தடுக்கப்படுவார்.

பயணிகள் மிகவும் குழம்பும் இடம் கைப்பேசி இணையம். ஊர் சிம் அட்டையை வெளிநாட்டில் ரோமிங்கில் பயன்படுத்தினால், பெரும்பாலான நிறுவனங்களின் ஏற்பாட்டில் தரவு முதலில் தாய்நாட்டு வலையமைப்புக்குத் திரும்பிச் சென்று, அங்கிருந்தே இணையத்துக்குள் போகிறது. ஆள் வெளிநாட்டில் இருந்தாலும் முகவரி தாய்நாட்டுடையது. பயணத்துக்கென்று வாங்கும் இ-சிம்களில் பல, தங்கியிருக்கும் நாடும் அல்லாத, தாய்நாடும் அல்லாத மூன்றாவது நாடு ஒன்றின் வழியாக இணையத்துக்குள் செல்கின்றன. ஆகவே "நான் இன்ன நாட்டில் இருக்கிறேன்" என்று மட்டும் மின்னஞ்சலில் எழுதினால், ஐ.டி. பிரிவு தவறான நாட்டைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருக்க நேரும்.

## திரையில் வரும் செய்தியை வாசிக்கும் முறை

எந்த வகைத் தோல்வி என்பதைப் பிழைச் செய்தியே ஓரளவு சொல்லிவிடும். எஸ்.எஸ்.எச். கட்டளையோடு `-v` சேர்த்து இயக்கினால் படிகள் தெரியும்.

```
debug1: Connecting to ssh.example.com [192.0.2.10] port 22.
ssh: connect to host ssh.example.com port 22: Connection timed out
```

1. `Connection timed out` என்று வந்தால், அனுப்பிய முதல் பொட்டலத்துக்கே பதில் வரவில்லை என்று பொருள். லினக்ஸ் கணினி அதையே மேலும் மேலும் நீளும் இடைவெளிகளில் மறுபடி அனுப்பிப் பார்த்து, பொதுவாக இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் கைவிடும். நாடுவாரித் தடையின் வழக்கமான அடையாளம் இதுவே. எனினும் சர்வர் அணைந்திருந்தாலும், விடுதி வலையமைப்பே அந்தப் போர்ட்டை மூடியிருந்தாலும் இதே செய்திதான் வரும்.

2. `Connection refused` என்று உடனே வந்தால், எதிர்முனையிலோ வழியிலோ ஏதோ ஒன்று வெளிப்படையாக மறுத்திருக்கிறது. சேவை நின்றிருக்கலாம், அல்லது கைவிடுவதற்குப் பதில் மறுப்பு அனுப்பும்படி ஃபயர்வால் அமைக்கப்பட்டிருக்கலாம்.

3. `kex_exchange_identification: Connection closed by remote host` என்றால், இணைப்பு சர்வரை எட்டியது, ஆனால் சாவிப் பரிமாற்றத்துக்கு முன்பே துண்டிக்கப்பட்டது. சர்வருக்குள்ளேயே நாட்டைச் சரிபார்க்கும் சிறு நிரலை வைத்திருக்கும் இடங்களில் இப்படி வரும். அளவுக்கு மீறிய இணைப்புகள் ஒரே நேரத்தில் வந்திருந்தாலும் வரும்.

4. `Permission denied (publickey)` என்றால், பயணி வாசலைக் கடந்து உள்ளே போய்விட்டார். சாவியோ கணக்கோதான் சிக்கல். இச்செய்தி வந்தவர் நாட்டைக் காரணம் காட்டி மின்னஞ்சல் எழுதினால் இரு தரப்பின் நேரமும் வீணாகும்.

ஓபன்வி.பி.என். இவ்வளவு தெளிவாகப் பேசாது. பதில் வராவிட்டால் கீழ்க்கண்ட வரியை மட்டும் காட்டும்.

```
TLS Error: TLS key negotiation failed to occur within 60 seconds (check your network connectivity)
```

வயர்கார்டு வி.பி.என். இன்னும் அமைதியானது. தவறான சாவியோடு வருபவருக்கும் அது பதில் தராது என்பதால், தடுக்கப்பட்ட இணைப்புக்கும் தவறாக அமைக்கப்பட்ட இணைப்புக்கும் பயணியின் பக்கத்தில் வேறுபாடே தெரியாது. `wg show` கட்டளையின் வெளியீட்டில் `latest handshake` என்ற வரி இல்லாதிருப்பது ஒன்றே தடயம்.

இவற்றிலிருந்து முற்றிலும் வேறான ஒரு வகையும் உண்டு. வி.பி.என். உள்நுழைவு மைக்ரோசாஃப்ட் என்ட்ரா போன்ற அடையாளச் சேவையோடு இணைக்கப்பட்டிருந்தால், நாட்டுச் சரிபார்ப்பு ஃபயர்வாலில் இல்லாமல் அந்தச் சேவையில் நடக்கலாம். அங்கே முதலில் கடவுச்சொல் ஏற்கப்படும், பிறகே விதி குறுக்கிடும். திரையில் `AADSTS53003` என்ற எண்ணோடு ஒரு செய்தி வரும். இந்த வகையில் ஐ.டி. பிரிவின் உள்நுழைவுப் பதிவில் பயனர் பெயர், நேரம், நாடு, தடுத்த விதியின் பெயர் அனைத்தும் இருக்கும். அந்தப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டை இணைத்து அனுப்பினாலே மின்னஞ்சலின் வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். கடினமானது மௌனமான ஃபயர்வால் வகைதான். இனி வரும் எடுத்துக்காட்டும் அதைப் பற்றியதே.

## ஹனோயிலிருந்து ஒரு சோதனை

அலுவலகமும் சர்வர்களும் இந்தியாவில் உள்ளன, ஊழியர் வியட்நாமின் ஹனோயில் விடுதியில் தங்கியிருக்கிறார் என்று கொள்வோம். கிளம்புவதற்கு முந்தைய நாள் வரை வி.பி.என்., எஸ்.எஸ்.எச். இரண்டும் அதே மடிக்கணினியில் இயங்கின. கீழே வரும் முகவரிகளும் சர்வர் பெயர்களும் எடுத்துக்காட்டுகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

1. தம் முகவரியைக் கண்டறிதல். விடுதி வைஃபையில் இருந்தபடி இரு கட்டளைகளை இயக்குகிறார்.

```
curl -4 https://ifconfig.me
curl -6 https://ifconfig.me
```

முதலாவது 203.0.113.45 என்கிறது. இரண்டாவது தோல்வியுறுகிறது, அதாவது அங்கே புதிய வகை முகவரியான ஐ.பி.வி.6 இல்லை. இரண்டையும் தனித்தனியே பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஐ.பி.வி.6 உள்ள வலையமைப்பில், உலாவியில் "என் முகவரி என்ன" என்று தேடினால் பெரும்பாலும் ஐ.பி.வி.6 முகவரி காட்டப்படும். வி.பி.என். சர்வருக்குப் பழைய வகையான ஐ.பி.வி.4 மட்டும் இருந்தால், அலுவலக ஃபயர்வாலில் அந்த ஐ.பி.வி.6 முகவரியை எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

2. விடுதி வலையமைப்பைச் சோதித்தல். விடுதியே 22-ஆம் போர்ட்டை மூடியிருக்கிறதா என்று அறிய, அந்தப் போர்ட்டில் எவருக்கும் திறந்திருக்கும் ஒரு பொதுச் சேவையைத் தட்டிப் பார்க்க வேண்டும். கிட்ஹப் அதற்கு ஏற்றது.

```
nc -vz -w 10 github.com 22
nc -vz -w 10 ssh.example.com 22
```

முதலாவது உடனே வெற்றி பெறுகிறது, இரண்டாவது பத்து நொடியில் காலாவதியாகிறது. விண்டோஸ் கணினியாயின் `Test-NetConnection ssh.example.com -Port 22` என்ற கட்டளை இதே வேலையைச் செய்யும். ஆகவே விடுதி 22-ஐ முழுவதுமாக மூடவில்லை. ஆயினும் இது யு.டி.பி. 1194 பற்றி எதையும் நிறுவவில்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விடுதிகள் யு.டி.பி.யை மட்டும் மூடி வைப்பது அரிதன்று.

3. அதே நாட்டில் வேறொரு வலையமைப்பு. உள்ளூர் சிம் வழியாக இணைந்து பார்க்கிறார். முகவரி இப்போது 198.51.100.77. இரண்டு உள்நுழைவுகளும் முன்போலவே தோல்வி. விடுதியின் கோளாறாக இருக்கும் வாய்ப்பு இதனால் வெகுவாகக் குறைகிறது.

4. தாய்நாட்டு முகவரியிலிருந்து. இந்திய சிம்மில் ரோமிங் தரவை ஐந்து நிமிடம் இயக்குகிறார். முகவரி இந்தியாவுடையதாகத் தெரிகிறது. வி.பி.என். உடனே இணைகிறது. எஸ்.எஸ்.எச்.-உம் திறக்கிறது. கணக்கு, கடவுச்சொல், சாவி, மடிக்கணினி, சர்வர் ஆகிய ஐந்தும் சரியாக உள்ளன என்பது இந்த ஒரே சோதனையில் உறுதியாகிறது. நான்கு சோதனைகளில் மிகவும் பயனுள்ளது இதுவே. ரோமிங் கட்டணம் எவ்வளவாயினும் ஐந்து நிமிடத்துக்கு இதைச் செய்துவிடுவது நல்லது.

ஆனால் இங்கே ஓர் அவசர முடிவைத் தவிர்க்க வேண்டும். இரண்டு வியட்நாம் முகவரிகளிலிருந்து முடியவில்லை, இந்திய முகவரியிலிருந்து முடிகிறது என்பதால், தடுப்பது இந்திய அலுவலகம்தான் என்று முடிவாகிவிடாது. ரோமிங்கில் போகும்போது தரவு செல்லும் வழியே மாறிவிடுகிறது. தங்கியிருக்கும் நாடு வெளியே செல்லும் வி.பி.என். போக்குவரத்தைத் தடுத்தாலும் இதே விளைவுகள் தோன்றும். சீனாவில் ஓபன்வி.பி.என். அவ்வாறே தடுக்கப்படுகிறது. பயணியின் பக்கத்திலிருந்து எத்தனை சோதனை செய்தாலும் இந்தக் கடைசி ஐயம் தீராது. அதைத் தீர்க்கும் கருவி அலுவலக ஃபயர்வாலில் இருக்கிறது. மின்னஞ்சல் எழுதுவதன் நோக்கமே அந்தக் கருவியைச் சரியான நேரத்தில் இயக்கச் சொல்வதுதான்.

## மின்னஞ்சல்

நேரத்தைக் குறிப்பதில் தனிக் கவனம் தேவை. ஹனோய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி முந்தியது. "இரவு எட்டு நாற்பதுக்கு" என்று மட்டும் எழுதினால், லாக் பதிவில் தேடுபவர் தவறான இடத்தில் தேடுவார். இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் வெளியிட்ட உத்தரவின்படி, நிறுவனங்கள் தம் கணினிகளின் கடிகாரங்களை அரசு நேர சர்வர்களோடு ஒத்திசைக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆகவே நிமிடம் வரை சரியாகச் சொன்னால், பதிவாகியிருக்குமாயின் சில நாள் கழிந்த பின்னும் தேடிக் கண்டுபிடிக்க இயலும்.

> பொருள்: வியட்நாமிலிருந்து வி.பி.என். (யு.டி.பி. 1194), எஸ்.எஸ்.எச். (டி.சி.பி. 22) இணையவில்லை – நாடுவாரி விதியா எனச் சரிபார்க்க வேண்டுகிறேன்
>
> ஐ.டி. பிரிவினருக்கு வணக்கம்.
>
> அலுவலகப் பணியாக மார்ச் 11 முதல் 20 வரை ஹனோயில் இருக்கிறேன். இங்கிருந்து வி.பி.என்., எஸ்.எஸ்.எச். இரண்டும் இணையவில்லை. கடவுச்சொல் கேட்கும் நிலையையே எட்டவில்லை என்பதால், உள்நுழைவுப் பதிவுகளில் என் பெயர் இருக்காது. ஃபயர்வாலில் கீழ்க்கண்ட முகவரிகளைக் கொண்டு தேட வேண்டுகிறேன்.
>
> 1. விடுதி வைஃபை, முகவரி 203.0.113.45. மார்ச் 12, இந்திய நேரம் 19:10 (ஹனோய் 20:40, யு.டி.சி. 13:40). `vpn.example.com` 1194: 60 நொடியில் காலாவதி. `ssh.example.com` 22: `Connection timed out`. அதே நிமிடத்தில் `github.com` 22 இணைந்தது.
>
> 2. உள்ளூர் சிம், முகவரி 198.51.100.77. இந்திய நேரம் 19:25. இரண்டும் அதேபோலக் காலாவதி.
>
> 3. இந்திய சிம் ரோமிங். இந்திய நேரம் 19:40. இரண்டும் இணைந்தன. அதே மடிக்கணினி, அதே கணக்கு. பரிசோதித்தவுடன் துண்டித்துவிட்டேன்.
>
> அலுவலகத்தில் நாடுவாரி விதி இருந்தால் அது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறேன். வியட்நாம் தரப்பில் தடுக்கப்படுவதாகவும் இருக்கலாம். உறுதிசெய்ய, நாளை இந்திய நேரம் 10:00 முதல் 10:15 வரை விடுதியிலிருந்து நிமிடத்துக்கு ஒருமுறை இணைக்க முயல்வேன். அந்நேரத்தில் ஃபயர்வாலில் பொட்டலங்கள் வந்து சேர்கின்றனவா என்று பார்க்க இயலுமா?
>
> விதியே காரணம் என்றால், மார்ச் 20 வரை வி.பி.என்.-க்கு மட்டும் விதிவிலக்குத் தர இயலுமா என்று தெரிவிக்கவும். வி.பி.என். கிடைத்தால் எஸ்.எஸ்.எச்.-ஐ அதன் வழியே பயன்படுத்திக்கொள்வேன். 20-ஆம் தேதி பாங்காக் விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் காத்திருப்பு உண்டு. அங்கே இணைப்புத் தேவைப்படாது.
>
> இக்கோரிக்கை என்னுடையதுதானா என்று உறுதிசெய்ய, பணியாளர் பதிவில் உள்ள கைப்பேசி எண்ணுக்கு அழைக்கலாம். பயணத்துக்கு ஒப்புதல் அளித்த மேலாளரையும் இம்மடலில் சேர்த்துள்ளேன்.

இம்மடலின் கடைசிப் பத்தி வெறும் சம்பிரதாயமன்று. "வெளிநாட்டில் இருக்கிறேன், உள்ளே நுழைய முடியவில்லை, வழி திறந்துவிடுங்கள்" என்பது ஊழியரைப் போல நடிக்கும் மோசடிக்காரர்கள் உதவி மையத்தை ஏமாற்றப் பயன்படுத்தும் கதையும்கூட. அதனால் மின்னஞ்சலில் புதிய கைப்பேசி எண் ஒன்றைக் கொடுத்து "இதில் அழையுங்கள்" என்று கேட்பது தவறு. ஏற்கெனவே பதிவிலிருக்கும் எண்ணைச் சுட்டுவதே சரி. அலுவலக மின்னஞ்சலும் தடுக்கப்பட்டுத் தனி மின்னஞ்சலிலிருந்து எழுத நேர்ந்தால், அழைத்து உறுதிசெய்யாமல் எதையும் திறக்க வேண்டாம் என்று பயணியே எழுதிவிடுவது நன்று. கடவுச்சொல், சாவிக் கோப்பு, ஓ.டி.பி. எண் ஆகியவற்றை எந்த நிலையிலும் இணைக்கக்கூடாது. `ssh -v` வெளியீட்டை முழுதாக ஒட்டினால் அதில் சாவிக் கோப்புகளின் பெயர்களும் பயனர் பெயரும் இருக்கக்கூடும், எனவே தேவையான இரண்டு வரிகள் போதும்.

## அலுவலகம் என்ன பார்க்கும்

குறித்த நேரத்தில் வலையமைப்பு ஊழியர் ஃபயர்வாலின் வெளிப்புற இடைமுகத்தில் இக்கட்டளையை இயக்குகிறார்.

```
tcpdump -ni eth0 'host 203.0.113.45 and (tcp port 22 or udp port 1194)'
```

லினக்ஸில் இக்கருவி, உள்வரும் பொட்டலங்களை ஃபயர்வால் விதிகள் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடுகிறது. விதி கைவிடவிருக்கும் பொட்டலமும் இங்கே தெரியும். இந்த ஒரு பண்பே ஐயத்தைத் தீர்க்கிறது. மூன்று விளைவுகளுக்கு இடமுண்டு.

1. எதுவும் வரவில்லை என்றால், தடை அலுவலகத்துக்கு வெளியே, வழியில் எங்கோ உள்ளது. அலுவலகம் எந்த விதியைத் திறந்தாலும் பயனில்லை. 443 போர்ட்டில் இயங்கும் வேறு வகை வி.பி.என். போன்ற மாற்று வழியைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் தங்கியிருக்கும் நாட்டின் சட்டம் இடம் தந்தால்.

2. பொட்டலங்கள் வருகின்றன, பதில் எதுவும் போகவில்லை என்றால், அவற்றை விழுங்குவது அலுவலகமே. நாடுவாரி விதியா, பலமுறை தோல்வியுற்ற முகவரியைத் தடுக்கும் வேறு கருவியா என்பதை விதியின் எண்ணிக்கைக் கணக்கிலிருந்து அறியலாம். விடுதி முகவரியைப் பல விருந்தினர் பகிர்ந்துகொள்வதால், முன்பு தங்கியவர் யாரோ செய்த செயலுக்காக அந்த முகவரி தடைப்பட்டியலில் ஏறியிருப்பதும் உண்டு. இரண்டாவது வலையமைப்பிலிருந்தும் சோதித்தது இதற்கும் உதவுகிறது.

3. பொட்டலம் வருகிறது, பதிலும் போகிறது, ஆனால் அதே முதல் பொட்டலமே திரும்பத் திரும்ப வருகிறது என்றால், பதில் பயணியை அடையவில்லை. திரும்பும் வழியில் கோளாறு.

நம் எடுத்துக்காட்டில் இரண்டாவது நிகழ்கிறது. தரவுத்தளத்தில் பார்த்தால் 203.0.113.45-க்கு `VN` என்று இருக்கிறது. அனுமதிப் பட்டியலில் அந்நாடு இல்லை. ஒருவேளை தரவுத்தளம் அனுமதிக்கப்படாத வேறொரு நாட்டைக் காட்டியிருந்தால், வியட்நாமைத் திறந்தும் பயன் இருந்திராது. முதலில் கோப்பைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும், அப்போதும் சரியாகாவிட்டால் தரவுத்தள நிறுவனத்துக்குத் திருத்தம் அனுப்ப வேண்டியிருக்கும். பயணத்தின் நாள்களுக்குள் அத்திருத்தம் வந்துசேரும் என்று நம்பியிருக்க முடியாது.

## எதை, எவ்வளவு திறப்பது

பயணியின் முகவரி ஒன்றை மட்டும் அனுமதிப்பது மிகவும் பாதுகாப்பானதாகத் தோன்றும். நடைமுறையில் அது மறுநாளே உடைந்துவிடும். விடுதியின் முகவரி மாறலாம். உள்ளூர் சிம்மில் நூற்றுக்கணக்கானோர் ஒரே பொது முகவரியைப் பகிர்வதோடு, ஒவ்வொரு முறை இணையும்போதும் வேறு முகவரி கிடைக்கலாம். மாறாக, 22-ஆம் போர்ட்டை நாடு முழுமைக்கும் திறப்பது, எந்த இரைச்சலைத் தவிர்க்க விதி வைக்கப்பட்டதோ அதையே மீண்டும் அழைப்பதாகும்.

இரண்டுக்கும் நடுவே உள்ளதே என் கருத்தில் சரியான அளவு: வி.பி.என். போர்ட்டை மட்டும், அந்த ஒரு நாட்டுக்கு மட்டும், குறித்த தேதி வரை திறப்பது. ஓபன்வி.பி.என். சர்வரில் சான்றிதழும் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பும் கட்டாயமாக இருந்தால், அந்நாட்டிலிருந்து வரும் அயலார் போர்ட்டைத் தட்ட முடியுமே தவிர உள்ளே வர இயலாது. எஸ்.எஸ்.எச்.-இன் வெளிக்கதவு மூடியே இருக்கும். வி.பி.என். குழாய்க்குள் வந்தவருக்கு உள்முகவரி கிடைத்துவிடுவதால் அவர் சர்வரை வழக்கம்போல அடையலாம்.

விதிவிலக்கு வரும்வரை பயணிக்குத் தோன்றும் குறுக்கு வழி ஒன்று உண்டு. சந்தையில் விற்கும் வி.பி.என். சேவை ஒன்றை வாங்கி, இந்திய முகவரியாகக் காட்டி உள்ளே நுழைவது. பல நேரங்களில் அது வேலை செய்யவும் செய்யும். ஆனால் காலையில் ஹனோயிலிருந்து கைப்பேசி வழியாக மின்னஞ்சலும், பத்து நிமிடம் கழித்து இந்தியாவிலிருந்து வி.பி.என். உள்நுழைவும் ஒரே கணக்கில் பதிவானால், இயலாத வேகத்தில் பயணம் என்று கண்காணிப்புக் கருவி அதைக் களவாகக் கருதிக் கணக்கையே முடக்கக்கூடும். விதி ஒப்பந்தக் காரணத்துக்காக வைக்கப்பட்டிருந்தால், பயணி அறியாமலே வாடிக்கையாளரின் நிபந்தனையை மீறியவராகவும் ஆவார். ரோமிங் தரவு முகவரியை மறைக்கும் நோக்கத்தோடு செய்வதன்று என்றாலும், அதையும் சோதனைக்கு மட்டும் பயன்படுத்தி, தொடர்ந்து வேலை செய்வதற்கு முன் ஐ.டி. பிரிவிடம் கேட்டுக்கொள்வதே நேர்மையானது.

விதிவிலக்கு முடியும் நாளில் அலுவலகம் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று இருக்கிறது. பட்டியலிலிருந்து நாட்டை நீக்கினாலும், ஏற்கெனவே நிலைபெற்ற இணைப்புகளை ஃபயர்வால் பொதுவாகத் தொடர விடும். அவற்றுக்கான அனுமதி விதி நாடுவாரி விதிக்கு முன்பே நிற்பதே காரணம். மார்ச் 20 நள்ளிரவில் வியட்நாமை நீக்கிய பிறகு, அந்நாட்டு முகவரிகளிலிருந்து எஞ்சியிருக்கும் வி.பி.என். இணைப்புகளைச் சர்வரில் பார்த்துத் தனியே துண்டிக்க வேண்டும். விதிவிலக்கை நீக்கியதற்கும் இணைப்பைத் துண்டித்ததற்கும் அதே கோரிக்கை எண்ணின்கீழ் குறிப்பு எழுதி முடித்தால், அடுத்து வேறொரு நாட்டுக்குச் செல்லும் ஊழியரின் மடல் வரும்போது எங்கிருந்து தொடங்குவது என்று தேட வேண்டியிருக்காது.